துப்பாக்கி வாக்கி-டாக்கி ஆன கதை

ஸ்பீல்பெர்க்கின் இ.டி. படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1982ல் வந்தது. கடைசியில் பையன்கள் சைக்கிளில் தப்பித்துப் போவார்கள், போலீஸ்காரர்கள் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்பார்கள், சைக்கிள்கள் அப்படியே வானத்தில் எழும்பும். அந்த மறியலில் நிற்கிறவர்கள் கையில் துப்பாக்கி இருக்கும். சின்னப் பையன்களைப் பார்த்துத் துப்பாக்கியோடு நிற்பது ஸ்பீல்பெர்க்குக்கே பிறகு உறுத்த ஆரம்பித்துவிட்டது. 2002ல் இருபதாம் ஆண்டுக்காகப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, அந்தத் துப்பாக்கிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு வாக்கி-டாக்கி வைத்தார்கள்.

அந்த வருஷம் இதைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. சவுத் பார்க் கார்ட்டூனில் ஒரு முழு எபிசோடே போட்டுத் தாளித்தார்கள். எல்லோரும் பேசியது "படைப்பாளிக்குத் தன் படத்தை மாற்ற உரிமை இருக்கிறதா" என்பதைப் பற்றி. நல்ல கேள்விதான். ஆனால் போட்டோஷாப்பில் கை வைத்துச் சூடு பட்டவன் என்கிற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது கண் போவது வாக்கி-டாக்கிக்கு இல்லை, அதைப் பிடித்திருக்கும் கைக்கு. நீளத் துப்பாக்கியை மனுஷன் இரண்டு கையாலும் பிடிப்பான். தோள் கொஞ்சம் முன்னால் வரும், முழங்கை விலகும், உடம்பு ஒரு பக்கம் திரும்பி நிற்கும். வாக்கி-டாக்கிக்கு ஒரு கை போதும், அதுவும் வாய்ப் பக்கமாகத்தான் போகும். பொருளை மாற்றினார்கள், சரி. அந்தப் பொருளுக்காகவே உடம்பு எடுத்துக்கொண்ட நிலையை என்ன செய்வது?

கையில் இருக்கும் பொருளை மாற்றுவது என்கிற வேலையின் மொத்தச் சிக்கலும் இதுதான். மேசை மேல் இருக்கும் பொருளை மாற்றுவது சுலபம். அமெரிக்க டிவிக்காரர்கள் 2005லேயே 'யெஸ், டியர்' என்ற ஒரு சீரியலில், படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். மேசையில்! யார் கையிலும் கொடுக்கவில்லை. மேசைக்கு விரல் கிடையாது. பொருளுக்கு அடியில் ஒரு நிழல் போட்டால் வேலை முடிந்தது. கை அப்படி இல்லை. பொருளின் பாதி விரலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், விரலின் பாதி பொருளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்.

அழிப்பது மட்டும் என்றால் கொஞ்சம் எளிது என்று நினைப்போம். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'குட்நைட் மூன்' என்று அமெரிக்காவில் எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு குழந்தைப் புத்தகம், 1947ல் வந்தது. அதற்குப் படம் வரைந்தவர் கிளெமென்ட் ஹர்ட். பின்னட்டையில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ, கையில் சிகரெட். எத்தனையோ வருஷமாக அப்படியேதான் அச்சாகிக்கொண்டிருந்தது. 2005ல் பதிப்பகத்தார் அந்த சிகரெட்டை மட்டும் அழித்துவிட்டார்கள். குழந்தைகள் புத்தகத்தில் சிகரெட் எதற்கு என்பது அவர்கள் வாதம். அழித்த பிறகு பார்த்தால், மனுஷர் இல்லாத எதையோ இரண்டு விரலுக்கு நடுவில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகனே, வேண்டாவெறுப்பாக அனுமதி கொடுத்துவிட்டு, பார்க்கக் கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்.

அபே ரோடு ஆல்பம் அட்டையில் (1969) பால் மெக்கார்ட்னி கையில் இருந்த சிகரெட்டையும் 2003 வாக்கில் சில அமெரிக்க போஸ்டர் கம்பெனிகள் அழித்தன. அங்கே இந்த அளவுக்கு உறுத்தவில்லை. கை கீழே தொங்குகிறது, படத்தில் சின்னதாக இருக்கிறது, பின்னால் வெறும் ரோடு. விரல் ஒரு பொருளை எவ்வளவு தீவிரமாகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அழித்தவனைக் காட்டிக்கொடுக்கும். (நம்ம ஊர் டிவியில் சிகரெட்டையும் பாட்டிலையும் புகைமூட்டமாக ஆக்கிவிடுவார்கள். நாமெல்லாம் சிரிக்கிறோம். ஆனால் அது ஒரு விதத்தில் நேர்மையான முறை. "இங்கே எதையோ மறைத்திருக்கிறோம்" என்று ஒத்துக்கொள்கிறது, கையைத் தொடவில்லை.)

இதெல்லாம் எனக்கு வெறும் வரலாறாக இருந்தது, எங்கள் பெரியம்மா ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுக்கும் வரை. பெரியப்பா தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் நன்றாகச் சிரிக்கும் படம் மொத்தக் குடும்பத்திலும் இது ஒன்றுதான். 1994ல் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்த பிறகு மொட்டைமாடியில் எடுத்தது. கையில் கண்ணாடி கிளாஸ். உள்ளே என்ன இருந்தது என்பது அன்றைக்கு மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "வருஷாப்திக்கு மாட்டணும்டா. எல்லாரும் வருவாங்க. அந்த கிளாசை எடுத்துட்டு காபி டம்ளர் வெச்சுக் கொடு, உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே" என்றார். கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கலாமே என்றேன். "கையோட இருந்தாத்தான்டா அவரு" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட். 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினேன். பிரிண்டில் அந்தக் கை ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், ஸ்கேனில் 350 பிக்சல் வந்தது. இந்த வேலைக்கு அது போதும்.

வலது கை, நெஞ்சுக்கு முன்னால். நான்கு விரல்களும் கிளாசின் முன்பக்கமாகச் சுற்றி வருகின்றன, கட்டைவிரல் பின்னால். இதில் முதல் வேலை, கையை முன், பின் என்று இரண்டாகப் பிரிப்பது. பொருளுக்கு முன்னால் வரும் நான்கு விரல்களை மட்டும் விளிம்பு பிசகாமல் வெட்டி மேல் லேயரில் வைக்க வேண்டும். உள்ளங்கையும் சட்டையும் கீழ் லேயர். புதுப் பொருள் நடுவில், சாண்ட்விச் மாதிரி. போட்டோஷாப்பில் லேயர் என்பதே 1994ல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் ஒரே பரப்பில் ஒட்டி ஒட்டியே செய்தார்கள் என்பதை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

விரல்களை வெட்டும்போது நடுவில் இருக்கும் சந்துகளை மறந்துவிடக் கூடாது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஊசி அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதில் பழைய கிளாசின் பளபளப்பு ஒரு துளி தங்கிவிட்டாலும் போச்சு. டம்ளரில் விரல் இடுக்கில் மட்டும் கண்ணாடி மின்னும்!

அடுத்து கட்டைவிரல். கண்ணாடி என்பதால் பின்னால் இருக்கும் கட்டைவிரல் மங்கலாக, கொஞ்சம் வளைந்து, உள்ளே தெரிந்தது. எவர்சில்வருக்குள் எதுவும் தெரியாது. ஆக கட்டைவிரல் மறைந்தே ஆக வேண்டும், ஆனால் முழுக்க இல்லை. அதன் நுனி பொருளின் ஓரத்தைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும் இடம் மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு விரல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியாகத் தெரியும். டம்ளர் எப்படி விழாமல் நிற்கிறது என்று பார்க்கிறவர் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இருக்கும்.

முதலில் இணையத்தில் கிடைத்த ஒரு டம்ளர் படத்தை நடுவில் வைத்துப் பார்த்தேன். காகிதப் பொம்மை மாதிரி இருந்தது. முதல் காரணம் அகலம். பழைய கிளாஸ் விரல் மட்டத்தில் எவ்வளவு அகலமோ அதே அகலம் புதுப் பொருளுக்கும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேல் விளிம்பு எப்படி வேண்டுமானாலும் விரியட்டும், பரவாயில்லை. பிடிக்கும் இடத்தில் ஒல்லியாக இருந்தால் உள்ளங்கைக்கும் பொருளுக்கும் நடுவில் காற்று தெரியும். குண்டாக இருந்தால் விரல் நுனிகள் உலோகத்துக்குள் புதைந்தது போல ஆகிவிடும். விரல் நகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்தாலே பொருளின் வளைவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நகங்கள் கேமராவைப் பார்த்தால் அந்த இடத்தில் பொருள் கிட்டத்தட்ட தட்டை. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போனால் உருளை.

இரண்டாவது காரணம் பிரதிபலிப்பு. எவர்சில்வர் பொருளைப் பிடித்தால் ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் அந்த விரலின் நிழலுருவம் உலோகத்தில் தெரியும், பழுப்பாக, கொஞ்சம் இழுபட்டு. வெறும் டம்ளர் படத்தில் அது எப்படி இருக்கும்? வரைந்து பார்த்தேன், அழுக்கு மாதிரி வந்தது. கடைசியில் குறுக்கு வழிதான் நேர்வழி ஆனது. தம்பியை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, டம்ளரைக் கொடுத்து, பெரியப்பா பிடித்த மாதிரியே பிடிக்க வைத்து, ராத்திரியில் பிளாஷ் போட்டு எடுத்தேன். கேமரா உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். டம்ளர் வாய் எவ்வளவு திறந்த வட்டமாகத் தெரிகிறது என்பதை வைத்து அதைச் சரி பார்க்கலாம். கேமரா மேலே போகப் போக வட்டம் அகலும், கீழே வர வரக் கோடாக ஒடுங்கும். இப்போது தம்பியின் விரல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, டம்ளரையும் அதில் விழுந்த பிரதிபலிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே பெரியப்பாவின் விரல்களை வைத்தேன். அட, உட்கார்ந்துவிட்டது!

அதற்கப்புறம் தொடும் இடத்து நிழல். விரல் உலோகத்தைத் தொடுகிற கோட்டில் இரண்டு மூன்று பிக்சலுக்கு நன்றாக இருட்டு, உடனே மறைந்துவிட வேண்டும். இதை அகலமாகவும் மென்மையாகவும் போட்டால் விரல் டம்ளரைத் தொடாமல் மிதக்கும். மொத்த வேலையில் இது ஐந்து நிமிஷம்தான், ஆனால் இது இல்லாவிட்டால் மீதி எல்லாம் வீண். கடைசியாக, பழைய பிரிண்டில் இருக்கும் மணல்மணலான தன்மையைப் புது டம்ளர் மேலும் தூவ வேண்டும். இல்லாவிட்டால் 1994 கையில் நேற்று வாங்கிய டம்ளர்.

சரி பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பல மணி நேரம் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போயிருக்கும், திருப்பியதும் புதிதாகத் தெரியும். நான் அப்படித் திருப்பினேன். அப்போதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. போட்டோஷாப்பில் இல்லை, பிடியில்.

சூடான காபி டம்ளரை யாராவது நான்கு விரலும் உள்ளங்கையும் அழுந்த அப்படிச் சுற்றிப் பிடிப்பார்களா? எவர்சில்வர் கை சுட்டுவிடும். நாமெல்லாம் மேல் விளிம்பை இரண்டு மூன்று விரலால் பிடிப்போம். இல்லாவிட்டால் டவராவோடு தூக்குவோம். பெரியப்பா கை ஐஸ் போட்ட கிளாசைப் பிடித்த கை. இறுக்கமாக, நிதானமாக, சாவகாசமாக. நான் எவ்வளவு ஒழுங்காக நிழல் போட்டாலும் அந்த விரல்கள் "இது ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தன. ஸ்பீல்பெர்க்கின் போலீஸ்காரர்களுக்கு ஆனதுதான் இங்கேயும். மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு எது வேண்டும் என்று யோசித்தால் போதாது, அந்தக் கை எதைப் பிடித்திருக்க முடியும் என்றும் யோசிக்க வேண்டும்.

விரல்களை மாற்றி விளிம்பில் வைக்கலாமா? கருவிகள் இருக்கின்றன. 2010ல் வந்த சிஎஸ்5 பதிப்பில் பொம்மையின் மூட்டை மடக்குவது போல விரலை மடக்க ஒரு வசதி கொடுத்தார்கள். கொஞ்சம் வளைக்கலாம், ஒரேயடியாகப் பிடியை மாற்ற முடியாது. மாற்றினால் பெரியம்மா கேட்ட கை போய்விடும். 2023க்குப் பிறகு வந்த போட்டோஷாப்பில் ஓர் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு "டம்ளர்" என்று எழுதினால் அதுவே வரைந்து கொடுக்கிறது. அதையும் முயற்சி பண்ணினேன். விரல்களையும் சேர்த்துக் கோடு போட்டால் அது புதிதாக விரல்கள் வரைகிறது, அழகான விரல்கள், ஆனால் யாரோ ஒருவருடையவை. பெரியப்பாவின் மோதிர விரல் கொஞ்சம் கோணல், மில்லில் வேலை பார்த்தபோது அடிபட்டது. அது நேராகிவிட்டது. விரல்களை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் கை தப்பிக்கிறது. ஆனால் அப்போது அது சூடா ஜில்லா என்கிற அதே பிரச்சினை அப்படியே நிற்கிறது.

பெரியம்மாவுக்குப் போன் பண்ணி, காபி சரிப்படாது, மோர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். டம்ளர் அதேதான், நுரையை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே வெள்ளையாகத் தெரிய வைத்தால் போதும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவரு ஜென்மத்துல மோர் குடிச்சதில்லைடா" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். தண்ணீர் என்று முடிவானது. டம்ளருக்குள் எதுவும் தெரியாது, எனக்கு வேலை மிச்சம் :-)

அசலையும் ஸ்கேன் பண்ணி, மாற்றியதையும் சேர்த்து ஒரே சிடியில் போட்டு, எது எது என்று மேலே எழுதித்தான் கொடுத்தேன். பேரப் பிள்ளைகள் நாளைக்குப் பார்த்து தாத்தா தண்ணி அடிக்கவே மாட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறவனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையே போனுக்குச் செய்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பீர்கள். போனுக்குப் போன் என்றாலும் கஷ்டம்தான். 2003ல் வந்த நோக்கியா 1100 பிடித்திருக்கும் கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 46 மில்லிமீட்டர், தடிமன் 20. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நான்கு விரல் நுனியும் சுற்றி வந்து முன்பக்கத்தைத் தொடும், கட்டைவிரல் பட்டன் மேல் குத்திட்டு நிற்கும். இப்போதைய போன் 70 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், 8 மில்லிமீட்டர் தடிமன். விரல் நுனி ஓரத்தில் லேசாக எட்டிப்பார்த்தாலே அதிகம், கட்டைவிரல் கண்ணாடி மேல் படுத்துக் கிடக்கும். பழைய கைக்குள் புதுப் போனைத் திணித்தால் விரல்கள் திரையைக் குத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் சினிமாக்காரர்கள் போனையே மாற்றுவது அபூர்வம். நடிகர் கையில் சரியான அளவில் ஒரு போனையோ டம்மியையோ கொடுத்துவிட்டு, திரையில் தெரிவதை மட்டும் பிறகு மாற்றுகிறார்கள். அப்போதும் திரை மேல் நகரும் கட்டைவிரலை ஒவ்வொரு பிரேமாக, நொடிக்கு 24, வெட்டி மேலே வைக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் கட்டைவிரலின் பிரதிபலிப்பை விட்டுவிட்டால் திரை ஸ்டிக்கர் மாதிரி தெரியும். என் ஒரு டம்ளருக்கு மூன்று ராத்திரி ஆனது, அவர்கள் பாடு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இ.டி.க்கு வருகிறேன். 2011லேயே ஸ்பீல்பெர்க் அந்த மாற்றத்துக்காக வருத்தப்பட்டார். 2012ல் வந்த புளூ-ரேயில் துப்பாக்கிகள் திரும்பி வந்துவிட்டன. 2023ல் டைம் பத்திரிகை நடத்திய ஒரு நிகழ்ச்சியில், அதைச் செய்தே இருக்கக் கூடாது, ஒரு படம் அது எடுக்கப்பட்ட காலத்தின் அடையாளம் என்கிற அர்த்தத்தில் பேசினார். வாக்கி-டாக்கி இ.டி. பார்க்க ஆசைப்பட்டால் 2002 டிவிடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் அந்த மறியல் காட்சியில் நிறுத்தி, முகங்களை விட்டுவிட்டு, முழங்கைகளையும் தோள்களையும் மட்டும் பாருங்கள்.